ஒதுங்கிய எண்ணை வெட்டுவதா, உள்ளே இழுப்பதா?

1882-ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்க வானியலாளர் சைமன் நியூகோம்ப் ஒளியின் வேகத்தை அளந்துகொண்டிருந்தார். வாஷிங்டன் நகருக்கு எதிரே, பொட்டோமாக் ஆற்றின் மறுகரையில் இருக்கும் ஃபோர்ட் மையர் குன்றிலிருந்து ஒளியை அனுப்புவார். அது வாஷிங்டன் நினைவுத்தூணின் அடியில் வைத்த கண்ணாடியில் பட்டுத் திரும்பி வரும். போக வர ஏறக்குறைய 7,400 மீட்டர். ஒளி போய் வருவதற்குள், குன்றில் வேகமாகச் சுழலும் இன்னொரு கண்ணாடி துளியளவு திரும்பியிருக்கும். அந்தக் கோணத்தை வைத்து, ஆன நேரத்தைக் கணக்கிட்டார்.

இந்தத் தூரத்துக்கு அவர் எடுத்த 66 அளவீடுகள் இன்றும் புள்ளியியல் வகுப்புகளில் புழங்குகின்றன. எல்லாமே 24,800 நானோ நொடியை ஒட்டி வருவதால், அதற்கு மேல் எவ்வளவு என்பதை மட்டும் எழுதிக்கொள்வது வழக்கம். 28 என்றால் 24,828 நானோ நொடி. அப்படிப் பார்த்தால் 64 எண்கள் 16-க்கும் 40-க்கும் இடையில் ஒழுங்காக அமைந்திருக்கின்றன. மீதி இரண்டு மட்டும் தனியாகக் கிடக்கின்றன: −2, −44.

மொத்தத்துக்கும் சராசரி போட்டால் 26.21 வருகிறது. அந்த இரண்டையும் நீக்கினால் 27.75. அறுபத்தாறில் இரண்டே எண்கள் விடையை ஒன்றரை நானோ நொடி நகர்த்திவிடுகின்றன. நியூகோம்ப் −44-ஐ மட்டும் தள்ளிவிட்டு −2-ஐ வைத்துக்கொண்டார். ஏன் ஒன்று போக வேண்டும், ஏன் மற்றது இருக்க வேண்டும் என்பதற்கு அவருடைய அனுபவத்தைத் தவிர வேறு விதி கிடையாது. இன்னொருவர் இரண்டையும் தள்ளலாம், வேறொருவர் எதையும் தொடாமல் விடலாம். பிடிக்காத எண்ணைப் பார்த்துப் பார்த்து எடுப்பதில் இருக்கும் ஆபத்து இதுதான். விதியை முன்கூட்டியே வகுத்துக்கொண்டு, எண்கள் எப்படி வந்தாலும் அதன்படி நடப்பதே நேர்மையான வழி.

அப்படிப்பட்ட விதிகளில் இரண்டை இங்கே பார்க்கலாம். இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே: எண்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசைப்படுத்தி, ஒவ்வொரு முனையிலும் எத்தனை எண்களை நம்பப் போவதில்லை என்று முடிவு செய்ய வேண்டும். இங்கே முனைக்கு இரண்டு என்று வைத்துக்கொள்வோம். அடியில் −44, −2, அடுத்து 16, 16. உச்சியில் 40, 39, அடுத்து 37.

வெட்டும் முறையில் −44, −2, 39, 40 நான்கும் போய்விடும். மீதி 62 எண்களின் சராசரி 27.37.

வின்சர் முறையில் எந்த எண்ணையும் தூக்கி எறிவதில்லை. −44, −2 இரண்டையும் அவற்றுக்கு அடுத்து நிற்கும் 16 ஆக மாற்றுகிறோம். 39, 40 இரண்டும் 37 ஆகின்றன. எண்ணிக்கை 66 ஆகவே இருக்கிறது. சராசரி 27.32.

இந்த முறைக்குப் பெயர் தந்த சார்லஸ் வின்சர் பொறியாளராகத் தொடங்கி, உடலியங்கியலுக்குப் போய், அங்கிருந்து புள்ளியியலுக்கு வந்தவர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரின்ஸ்டனில் அவரோடு பணியாற்றிய ஜான் டூக்கி, வின்சர் 1951-இல் இறந்த பின் அவர் பெயரையே முறைக்குச் சூட்டினார். இதன் அடிப்படை எண்ணம் எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. வரிசையின் கடைசியில் நிற்கும் எண் இரண்டு செய்திகளைச் சொல்கிறது. ‘நான் தாழ்வான பக்கம் இருக்கிறேன்’ என்பது ஒன்று, ‘இவ்வளவு தாழ்வாக இருக்கிறேன்’ என்பது மற்றொன்று. முதல் செய்தியை நம்பலாம், இரண்டாவதை நம்ப முடியாது என்பதே வின்சர் முறையின் நிலை. வெட்டும் முறை இரண்டு செய்திகளையுமே காதில் வாங்குவதில்லை.

27.37, 27.32 என்று விடைகள் இவ்வளவு நெருங்கி வரும்போது எதைச் செய்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். முனையில் கெட்ட எண்கள் எத்தனை என்ற நம் கணிப்பு தப்பும்போது வேறுபாடு தெரியும். ஒரு 16-க்குப் பதிலாக −50 வந்திருந்ததாகக் கொள்வோம். இப்போது அடியில் −50, −44, −2, பிறகு 16. நாம் முனைக்கு இரண்டு என்று முன்பே விதித்துவிட்டோம். வெட்டினால் −50, −44 போய், −2 ஒன்று மட்டும் உள்ளே தங்கும், சராசரி 27.08-க்கு இறங்கும். வின்சர் முறையிலோ −50, −44 இரண்டும் −2 ஆக மாறும். உள்ளே இப்போது மூன்று −2. சராசரி 26.50 வரை சரிந்துவிடுகிறது. எல்லையில் நிற்கும் எண்ணுக்கு இந்த முறை மூன்று பங்கு எடை கொடுக்கிறது. அந்த எண் நல்லதாக இருந்தால் சிக்கலில்லை. அதுவே கெட்டதாக இருந்தால் கேடும் மூன்று பங்கு. மாற்றிய பிறகும் எல்லை எண் மற்ற எண்களிலிருந்து விலகித் தெரிந்தால், எடுத்துக்கொண்ட அளவு போதவில்லை என்று அறியலாம்.

இரண்டும் போட்டி முறைகள் என்று தோன்றும். ஆனால் ஒன்றுக்கு மற்றது தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. அது பலருக்குத் தெரியாமல் போவதில் எனக்கு வருத்தம். சராசரியைச் சொன்னால் போதாது, அது எவ்வளவு தவறக்கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். வெட்டிய பிறகு மிஞ்சிய 62 எண்களை எடுத்து, பாடப்புத்தகச் சூத்திரத்தில் போட்டால் திட்டப்பிழை 0.60 என்று வரும். இது பொய்யான துல்லியம். சிதறிக் கிடந்தவற்றை நாமே அகற்றிவிட்டு, மிச்சம் நெருக்கமாக இருக்கிறது என்று சொல்வதாகிவிடும். இதற்குச் சரியான வழி வின்சர் முறையில் மாற்றிய 66 எண்களின் திட்ட விலக்கத்தை எடுப்பதுதான். அது 5.24. அதை 66-இன் வர்க்கமூலத்தால் வகுத்து, மறுபடி 62/66 என்ற பின்னத்தால் வகுக்க வேண்டும். கிடைப்பது 0.69. வெட்டிய சராசரியின் உண்மையான தடுமாற்றம் இதற்கு அருகில்தான் இருக்கும்.

கணினியில் செய்பவர்கள் ஓரிடத்தில் கவனிக்க வேண்டும். எக்செலின் `TRIMMEAN` கேட்பது இரு முனைகளையும் சேர்த்த விகிதம், 0.1 என்றால் முனைக்கு 5 சதவீதம்தான். பைத்தானின் `scipy.stats.trim_mean`-இல் அதே 0.1 ஒவ்வொரு முனைக்கும் 10 சதவீதம். வின்சர் முறைக்கு `scipy.stats.mstats.winsorize` இருக்கிறது. அது இரு முனைகளுக்கும் தனித்தனி அளவு வாங்கிக்கொள்ளும்.

பொருளாதார, நிதித்துறை ஆய்வாளர்கள் பெரும்பாலும் வின்சர் முறையை நாடுவதற்கு நடைமுறைக் காரணம் உண்டு. அவர்களுடைய அட்டவணையில் ஒரு நிறுவனத்துக்கு ஒரு வரி, அதில் இருபது கட்டங்கள் இருக்கும். லாப விகிதம் ஒன்று மட்டும் தாறுமாறாக இருக்கிறது என்பதற்காக வரியையே நீக்கினால் மற்ற பத்தொன்பது நல்ல எண்களும் வீணாகும். அந்த ஒரு கட்டத்தை மட்டும் எல்லைக்கு இழுத்தால் வரி பிழைக்கும். ஆனால் முனை எண்களே கேள்வியாக இருக்கும் இடத்தில், ஆற்றில் வந்த பெருவெள்ளத்தைக் கணக்கிடும்போது, இரண்டு முறைகளுமே கூடாது. அங்கே உச்ச அளவை இறக்கினால் அணையின் உயரத்தை நாமே குறைத்ததாகும்.

நியூகோம்பின் எண்களுக்கு இன்னொரு பாடமும் உண்டு. ஒளியின் வேகம் இன்று திட்டமாகத் தெரியும். அதை வைத்துப் பார்த்தால் அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய எண் ஏறக்குறைய 33. சாதாரணச் சராசரி, வெட்டியது, வின்சர் முறையில் வந்தது எதுவுமே 28-ஐக்கூடத் தொடவில்லை. 66 அளவீடுகளும் ஒன்றாக ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. முனைகளில் என்ன செய்தாலும் நடுவில் இருக்கும் சாய்வு நிமிராது. 1977-இல் ஸ்டீஃபன் ஸ்டிக்லர் என்ற புள்ளியியலாளர் இதுபோன்ற பழைய அறிவியல் அளவீடுகளை எடுத்து, பலவகைச் சராசரிகளையும் உண்மை மதிப்போடு ஒப்பிட்டார். முனைக்குப் பத்து சதவீதம் வெட்டிய சராசரி அதில் நன்றாகத் தேறியது. அதற்குச் சற்றும் சளைக்காமல் நின்றது சாதாரணச் சராசரி.