இரண்டு முதலீடுகள் சேரும்போது ரிஸ்க் எவ்வளவு?

ஒரு முதலீட்டின் ரிஸ்க்கை அளக்க நிதித்துறையில் வழக்கமாகப் பயன்படும் அளவுகோல் திட்ட விலக்கம். ஆண்டுதோறும் கிடைத்த வருமானம் அதன் சராசரியை விட்டு எவ்வளவு தள்ளிப் போய் வந்தது என்பதை அது ஒரே எண்ணில் சொல்லிவிடும். பணத்தை இரண்டு முதலீடுகளில் பிரித்துப் போட்டால் மொத்தத்தின் சராசரி வருமானத்தைக் கண்டுபிடிப்பது எளிது. ஒவ்வொன்றின் வருமானத்தையும் அதில் போட்ட பணத்தின் விகிதத்தால் பெருக்கிக் கூட்டினால் போதும். ரிஸ்க்கை அப்படிக் கூட்ட முடியாது. ஒன்று சரியும் ஆண்டில் மற்றொன்று ஏறினால், இரண்டின் ஏற்ற இறக்கங்களில் ஒரு பகுதி தமக்குள்ளேயே கழிந்துவிடும்.

எவ்வளவு கழியும் என்பதற்கான கணக்கை முதலீட்டு உலகுக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்கப் பொருளியலாளர் ஹாரி மார்கோவிட்ஸ். 1952-ல் ‘ஜர்னல் ஆஃப் ஃபைனான்ஸ்’ இதழில் அவர் எழுதிய கட்டுரைதான் இதன் தொடக்கம். 1990-ல் பொருளியலுக்கான நோபல் பரிசை மெர்ட்டன் மில்லர், வில்லியம் ஷார்ப் ஆகியோருடன் அவர் பகிர்ந்துகொண்டார். அந்தக் கணக்குக்குத் தேவையானவை மூன்றுதான்: ஒவ்வொரு முதலீட்டின் திட்ட விலக்கம், இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு, ஒவ்வொன்றிலும் உள்ள பணத்தின் விகிதம், அதாவது எடை.

வருமான வரலாற்றிலிருந்து தொடங்குதல்

ஓர் ஈக்விட்டி ஃபண்டும் ஒரு தங்க ஃபண்டும் ஐந்து ஆண்டுகளில் கொடுத்த வருமானம் கீழே உள்ளபடி இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். கணக்கு எளிதாகப் புரிவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள் இவை. எந்த ஃபண்டின் உண்மையான வரலாறும் அல்ல.

| ஆண்டு | ஈக்விட்டி (%) | தங்கம் (%) |
|---|---|---|
| 1 | 32 | 6 |
| 2 | −16 | 14 |
| 3 | 28 | 0 |
| 4 | 0 | −2 |
| 5 | 16 | 22 |

ஈக்விட்டியின் சராசரி 12 சதவிகிதம், தங்கத்தின் சராசரி 8 சதவிகிதம். ஒவ்வொரு ஆண்டின் வருமானத்திலிருந்தும் சராசரியைக் கழித்தால் விலகல்கள் கிடைக்கும். ஈக்விட்டிக்கு அவை 20, −28, 16, −12, 4. தங்கத்துக்கு −2, 6, −8, −10, 14.

விலகல்களை அப்படியே கூட்டினால் கூடுதலும் குறைவும் கழிந்து பூஜ்ஜியம்தான் வரும். அதனால் ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்ட வேண்டும். ஈக்விட்டிக்கு அந்தக் கூட்டுத்தொகை 1600. அதை ஐந்தால் வகுக்காமல், ஒன்று குறைத்து நான்கால் வகுக்க வேண்டும். கையில் இருப்பது முழு வரலாறு அல்ல, ஒரு மாதிரிதான். அதன் சராசரியையும் அதே ஐந்து எண்களிலிருந்தே எடுத்ததால், ஐந்தால் வகுத்தால் விலகல் சற்றுக் குறைவாகத் தெரியும். 1600-ஐ 4-ஆல் வகுத்தால் 400, அதன் வர்க்கமூலம் 20. ஈக்விட்டியின் திட்ட விலக்கம் 20 சதவிகிதம். இதே வழியில் தங்கத்துக்கு 400-ஐ 4-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 10 சதவிகிதம் வரும்.

இரண்டும் சேர்ந்து நகர்கின்றனவா?

அடுத்து, ஒரே ஆண்டின் இரண்டு விலகல்களையும் ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் விலகியிருந்தால் பெருக்குத்தொகை நேர்மறையாக வரும். எதிரெதிர்ப் பக்கங்களில் விலகியிருந்தால் எதிர்மறையாக வரும். மேலே உள்ள ஐந்து ஆண்டுகளுக்கு அவை −40, −168, −128, 120, 56. இரண்டாம் ஆண்டில் ஈக்விட்டி பலமாகச் சரிந்தபோது தங்கம் சராசரிக்கு மேல் இருந்தது. அந்த −168 வந்தது அப்படித்தான். நான்காம் ஆண்டில் இரண்டுமே சராசரிக்குக் கீழே இருந்ததால் 120 வந்திருக்கிறது.

இவற்றின் கூட்டுத்தொகை −160. அதை 4-ஆல் வகுத்தால் −40. இதற்கு உடன்மாறுபாடு என்று பெயர். இதை இரண்டு திட்ட விலக்கங்களின் பெருக்கமான 200-ஆல் வகுத்தால் ஒட்டுறவுக் கெழு −0.2 கிடைக்கும். இந்தக் கெழு எப்போதும் −1-க்கும் +1-க்கும் இடையில்தான் இருக்கும். +1 என்றால் இரண்டும் ஒரே தாளத்தில் நகர்கின்றன. −1 என்றால் முற்றிலும் எதிராக நகர்கின்றன. பூஜ்ஜியம் என்றால் ஒன்றின் நகர்வுக்கும் மற்றதன் நகர்வுக்கும் நேர்கோட்டுத் தொடர்பு இல்லை.

எடையைச் சேர்த்தல்

பணத்தில் 60 சதவிகிதம் ஈக்விட்டியிலும் 40 சதவிகிதம் தங்கத்திலும் இருக்கிறது என்று கொள்வோம். எடையையும் திட்ட விலக்கத்தையும் பெருக்கினால் ஈக்விட்டிக்கு 12, தங்கத்துக்கு 4. இனி மூன்று உறுப்புகளைக் கூட்ட வேண்டும். முதலாவது 12-இன் வர்க்கம், 144. இரண்டாவது 4-இன் வர்க்கம், 16. மூன்றாவது, 12, 4, ஒட்டுறவுக் கெழு மூன்றையும் பெருக்கி இரட்டிப்பாக்கியது: 2 × 12 × 4 × (−0.2), அதாவது −19.2. மூன்றும் சேர்ந்து 140.8. அதன் வர்க்கமூலம் 11.87. தொகுப்பின் ரிஸ்க் இதுதான்.

12-ஐயும் 4-ஐயும் நேராகக் கூட்டியிருந்தால் 16 வந்திருக்கும். கெழு +1 ஆக இருந்தால் உண்மையிலேயே 16-தான் வரும். அது பூஜ்ஜியமாக இருந்தால் 12.65 வரும், +0.5 ஆக இருந்தால் 14.42 வரும். ஆக, ரிஸ்க் குறைவதற்கு இரண்டும் எதிரெதிராக நகர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முழுமையாக ஒரே தாளத்தில் நகராமல் இருந்தாலே, இரண்டின் சராசரி ரிஸ்க்கைவிடத் தொகுப்பின் ரிஸ்க் குறைவாக வரும்.

எக்செல்லில் ஆண்டுகள் A பத்தியிலும், வருமானங்கள் B, C பத்திகளிலும் இருந்தால் இவ்வளவு எழுதினால் போதும்:

```
=STDEV.S(B2:B6)
=STDEV.S(C2:C6)
=CORREL(B2:B6,C2:C6)
=SQRT((0.6*20)^2+(0.4*10)^2+2*0.6*20*0.4*10*(-0.2))
```

விடையைச் சரிபார்க்க இன்னொரு வழி உண்டு. ஒவ்வோர் ஆண்டும் 60:40 தொகுப்பு என்ன வருமானம் தந்திருக்கும் என்று கணக்கிட்டால் 21.6, −4, 16.8, −0.8, 18.4 என்று வரும். இந்த வரிசைக்கு நேரடியாகத் திட்ட விலக்கம் கண்டாலும் அதே 11.87 வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ தவறு நடந்திருக்கிறது. பெரும்பாலும் அது வகுப்பதில் இருக்கும்: திட்ட விலக்கத்தை நான்கால் வகுத்துவிட்டு, உடன்மாறுபாட்டை ஐந்தால் வகுத்திருப்பார்கள்.

எடை மாறினால் என்ன ஆகும்?

பாதுகாப்பு வேண்டுமென்றால் முழுப் பணத்தையும் தங்கத்தில் போட்டால் என்ன என்று தோன்றலாம். அப்போது ரிஸ்க் 10, சராசரி வருமானம் 8. ஆனால் அதில் 25 சதவிகிதத்தை எடுத்து இருமடங்கு ரிஸ்க் உள்ள ஈக்விட்டியில் போட்டால், தொகுப்பின் ரிஸ்க் 8.14 ஆகக் குறைகிறது. சராசரி வருமானமோ 9 ஆக உயர்கிறது. இந்த இரண்டு ஃபண்டுகளையும் வைத்து எட்டக்கூடிய மிகக் குறைந்த ரிஸ்க் கிட்டத்தட்ட இதுதான்.

இது எல்லா ஜோடிக்கும் நடந்துவிடாது. குறைந்த திட்ட விலக்கத்தைக் கூடிய திட்ட விலக்கத்தால் வகுத்து வரும் எண்ணைவிட ஒட்டுறவுக் கெழு சிறியதாக இருக்க வேண்டும். இங்கே அந்த எண் 10-ஐ 20-ஆல் வகுத்த 0.5. கெழு 0.5-க்கு மேல் இருந்தால், ஈக்விட்டியைக் கொஞ்சம் சேர்த்தாலும் தங்கத்தின் ரிஸ்க்கைவிடத் தொகுப்பின் ரிஸ்க் கூடவே செய்யும்.

எடை விஷயத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. 60:40 தொகுப்பில் ரிஸ்க்கும் 60:40 என்று பிரிந்திருப்பதில்லை. 140.8-இல் ஈக்விட்டியின் பங்கு 144-இலிருந்து பொது உறுப்பில் பாதியான 9.6-ஐக் கழித்த 134.4. அதாவது மொத்த ரிஸ்க்கில் சுமார் 95 சதவிகிதம் ஈக்விட்டியிலிருந்தே வருகிறது.

கணக்கின் எல்லைகள்

இந்தக் கணக்கில் மிகவும் நிச்சயமற்ற எண் ஒட்டுறவுக் கெழுதான். ஐந்து ஆண்டு வருமானத்திலிருந்து −0.2 என்று கிடைத்தாலும், வழக்கமான 95 சதவிகித நம்பக எல்லையில் உண்மையான கெழு ஏறத்தாழ −0.9-இலிருந்து +0.8 வரை எங்கும் இருக்கலாம். அறுபது மாத வருமானத்தை எடுத்தால் அந்த இடைவெளி −0.4-இலிருந்து +0.1 வரை சுருங்கும். அதனால் நடைமுறையில் மாத வருமானத்தைப் பயன்படுத்துவதே வழக்கம். மாதத் திட்ட விலக்கத்தை 12-இன் வர்க்கமூலமான 3.46-ஆல் பெருக்கினால் ஆண்டுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரு மாத வருமானம் அடுத்த மாதத்தைப் பாதிக்கவில்லை என்ற அனுமானம் இதில் அடங்கியிருக்கிறது.

வருமானத்துக்குப் பதிலாக விலையையோ என்.ஏ.வி.யையோ வைத்துக் கெழு காண்பது அடிக்கடி நடக்கும் தவறு. நீண்ட காலத்தில் இரண்டு விலைகளுமே ஏறியிருந்தால், அன்றாட நகர்வில் எந்தத் தொடர்பும் இல்லாமலேயே கெழு 0.9 போல உயர்ந்து தெரியும். ஒன்றுக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரையும் மற்றதற்கு ஏப்ரல் முதல் மார்ச் வரையும் எடுத்தாலும் கெழு பொருளற்றதாகிவிடும். எடை நிலையாக இருக்கிறது என்றும் சூத்திரம் எடுத்துக்கொள்கிறது. ஈக்விட்டி தொடர்ந்து ஏறினால் 60 என்பது தானாக 70-ஐ நெருங்கும். ஆண்டுதோறும் பழைய விகிதத்துக்குத் திரும்பக் கொண்டுவராவிட்டால் கணக்கிட்ட ரிஸ்க்கும் கையில் உள்ள ரிஸ்க்கும் வேறாகிவிடும்.

பெரிய எல்லை, கெழுவே காலத்தோடு மாறுவது. அமெரிக்காவில் 2000-க்குப் பிந்தைய இருபது ஆண்டுகளில் பெரும்பாலும் பங்குகள் சரிந்தபோது அரசுக் கடன் பத்திரங்கள் ஏறின. அந்த வரலாற்றை நம்பியே 60:40 பங்கு–பத்திரத் தொகுப்பு பாதுகாப்பானதாகக் கருதப்பட்டது. 2022-இல் பணவீக்கத்தைக் கட்டுப்படுத்த அமெரிக்க மத்திய வங்கி வட்டி விகிதத்தைப் பூஜ்ஜியத்துக்கு அருகிலிருந்து 4 சதவிகிதத்துக்கு மேல் உயர்த்தியது. அதே வட்டி உயர்வு பத்திரங்களின் விலையையும் பங்குகளின் மதிப்பையும் ஒருசேர அழுத்தியது. எஸ் அண்டு பி 500 குறியீடு ஈவுத்தொகை சேர்த்தும் சுமார் 18 சதவிகிதம் இழந்தது. அமெரிக்கப் பத்திரச் சந்தையின் பரந்த குறியீடு சுமார் 13 சதவிகிதம் இழந்தது. 60:40 தொகுப்புக்கு அது ஏறத்தாழ 16 சதவிகித இழப்பு.

அதனால் ஒரே ஒரு கெழுவோடு கணக்கை நிறுத்திவிடக் கூடாது. வரலாறு தந்த கெழுவோடு ஒருமுறையும், +0.8 போன்ற பாதகமான கெழுவோடு ஒருமுறையும் கணக்கிட வேண்டும். மேலே உள்ள தொகுப்புக்கு அந்த இரண்டு விடைகள் 11.87, 15.39. முதலீட்டாளர் தாங்க வேண்டியிருக்கக்கூடிய ரிஸ்க் இந்த இரண்டுக்கும் இடைப்பட்டது என்று எடுத்துக்கொண்டு எடையைத் தீர்மானிப்பதே முறை.