மார்செல்லோவின் வயது

ஒருவர் ஆண்டுதோறும் ஒரே பழைய படத்தைப் பார்க்கிறார். ஒவ்வொரு முறையும் அதில் வேறு ஏதோ தெரிகிறது. சிறுகதைக்கு நல்ல கருதான். ஆனால் எழுத உட்கார்ந்தால் இரண்டாம் பக்கத்திலேயே கதை நின்றுவிடும். போன வருடம் பார்த்ததற்கும் இந்த வருடம் பார்த்ததற்கும் நடுவில் அவரிடம் அப்படி என்ன மாறியிருக்கும்? இந்தச் சிக்கல் எப்படி அவிழும் என்பதைக் காட்ட உண்மை வாழ்க்கையிலேயே ஒருவர் இருக்கிறார்.

அமெரிக்கத் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட், கல்லூரி மாணவராக இருந்தபோது 1961இல் மாணவர் நாளிதழ் ஒன்றில் ஒரு படத்துக்கு விமர்சனம் எழுதினார். அவருடைய முதல் திரை விமர்சனங்களில் அதுவும் ஒன்று. படம், ஃபெல்லினி இயக்கிய 'லா டோல்சே விட்டா'. ரோம் நகரில் பிரபலங்களின் பின்னால் அலைந்து கிசுகிசு எழுதிப் பிழைக்கும் மார்செல்லோ என்ற பத்திரிகையாளனின் கதை அது. இரவெல்லாம் விருந்து, விடிந்தால் களைப்பு. உருப்படியாக ஒரு புத்தகம் எழுத வேண்டும் என்ற ஆசை மட்டும் அவனை விடுவதில்லை.

அதன்பின் ஈபர்ட் வாழ்நாள் முழுக்க அந்தப் படத்துக்குத் திரும்பிக்கொண்டே இருந்தார். 1997இல் எழுதிய கட்டுரையில் அதற்குக் கணக்கும் கொடுத்தார். இளைஞராகப் பார்த்தபோது ரோமின் பளபளப்பும் அந்த அலுத்துப்போன நாயகனின் தோரணையும் அவரை மயக்கின. 1970 வாக்கில் பார்த்தபோது அவருக்கும் ஏறக்குறைய மார்செல்லோவின் வயது. சிகாகோவில் அவரும் பத்திரிகைக்காரர், அவருக்கும் இரவு வாழ்க்கை, குடி. திரையில் தன்னையே பார்த்தார். 1979இல் அவர் குடியை விட்டார். 1980 வாக்கில் பார்த்தபோது மார்செல்லோ ஆதர்சமாகத் தெரியவில்லை, கிடைக்காத இன்பத்தைத் தேடித் தேடி அழிபவனாகத் தெரிந்தான். 1991இல் பார்த்தபோது அவன்மீது இருந்த கண்டனமும் போய், இரக்கமும் அன்பும்தான் மிஞ்சின.

கணக்கு ஆண்டுக்கு ஆண்டு அல்ல, ஏறத்தாழ பத்தாண்டுக்கு ஒரு முறை என்பதைக் கவனியுங்கள். கதையில் வருபவர் வருடம் தவறாமல் படம் பார்க்கலாம். எழுதுபவர் எல்லா வருடங்களையும் எழுதக் கூடாது. முப்பது முறையில் நான்கைத் தேர்ந்து மற்றதை விட்டுவிட வேண்டும், அந்த நான்குக்கும் இடையில் வாழ்க்கையில் ஏதேனும் நடந்திருக்க வேண்டும். ஈபர்டுக்கு அது குடியை விட்டது. அதைச் சொல்லாமல், 1980 வாக்கில் படம் வேறாகத் தெரிந்தது என்று மட்டும் எழுதியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்று, நாயகனின் வயது. திரையில் மார்செல்லோவுக்கு ஒரு நாள்கூடக் கூடுவதில்லை. முதலில் அவன் ஈபர்டைவிட மூத்தவன், பிறகு ஒத்த வயதுக்காரன், கடைசியில் தம்பி. மூத்தவனைப் பார்த்து ஏங்கலாம், ஒத்தவனோடு போட்டி போடலாம், தம்பிக்காகக் கவலைப்படத்தான் முடியும். அதனால் இப்படிப்பட்ட கதைக்குப் படத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, பார்ப்பவரின் வயது தாண்டிப் போகக்கூடிய ஒரு பாத்திரம் அதில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது நல்லது.

1991இல் ஈபர்ட் படத்தைப் பார்த்தது தனியாக அல்ல. கொலராடோ பல்கலைக்கழகத்தில் மாணவர்களோடும் ஊர்க்காரர்களோடும் உட்கார்ந்து, யாராவது நிறுத்தச் சொன்னால் நிறுத்தி, காட்சி காட்சியாகப் பேசிப் பார்த்தார். அப்படிப் பார்க்கும்போது தெரிவது கதையல்ல, அமைப்பு. மார்செல்லோ ஓயாமல் மேலே ஏறுகிறான், கீழே இறங்குகிறான். நடிகையைத் தொடர்ந்து புனித பீட்டர் தேவாலயக் கோபுரத்துக்கு ஏறுகிறான். தண்ணீர் தேங்கிய நிலவறை வீட்டுக்கும் பாதாள விடுதிக்கும் இறங்குகிறான். நிம்மதியாக வாழ்வதாக அவன் நினைத்த நண்பன் ஸ்டைனரின் வீடும் உயரமான இடத்தில்தான். அந்த ஸ்டைனரே தன் பிள்ளைகளைக் கொன்றுவிட்டுத் தானும் சாகிறான்.

கதை எழுதுபவருக்கு இது ஒரு எச்சரிக்கையும்கூட. கூர்ந்து பார்த்தால் தெரியும் நுட்பங்கள் வேறு, வயதானால் தெரியும் உண்மைகள் வேறு. படிக்கட்டுகளைக் கவனிக்க யாருக்கும் நாற்பது வயதாக வேண்டியதில்லை, படத்தை நிறுத்திப் பார்த்தால் போதும். கதையில் ஒவ்வொரு முறையும் புதிய நுட்பம் ஒன்றைக் கண்டுபிடிக்க வைத்தால் அது திரைப்பட வகுப்பாகிவிடும். ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் கொண்டுவருவதே மேல்.

அதற்குத் தோதானது இந்தப் படத்தின் முடிவு. கடற்கரையில் ஓர் இளம்பெண் ஓடைக்கு அப்பால் நின்று மார்செல்லோவைக் கூப்பிடுகிறாள். முன்பு ஒரு சிற்றுண்டிக் கடையில், அவன் எழுத முயன்றுகொண்டிருந்தபோது பரிமாறியவள் அவள். அவள் சொல்வது அலைச் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. கையை விரித்துவிட்டுத் தன் கூட்டத்தோடு போய்விடுகிறான். இருபது வயதுக்காரருக்கு அது அழகான பெண் ஒருத்தியை விட்டுப் போகும் காட்சி. எழுதாமல் விட்ட புத்தகம் ஒன்று தனக்கும் உள்ளவருக்கு, அவள் கூப்பிடுவது அந்த மேசைக்கு. காட்சியில் எதுவும் மாறவில்லை, அதை விளக்க ஒரு வரியும் கூடுதலாகத் தேவையில்லை.