எண்பதைத் தாண்டியதும் ஏன் இந்தத் தயக்கம்?

போன் சார்ஜரின் மேல் பொடி எழுத்தில் அச்சாகியிருப்பதைப் படித்துப் பாருங்கள். 5 வோல்ட் 3 ஆம்பியர், 9 வோல்ட் 2 ஆம்பியர் என்று ஒன்றிரண்டு ஜோடிகள் இருக்கும். வோல்ட் என்பது மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம். ஆம்பியர் என்பது ஓடுகிற மின்னோட்டத்தின் அளவு. இரண்டையும் பெருக்கினால் வாட், அதாவது ஆற்றல் போய்ச் சேரும் வேகம். ‘18 வாட் ஃபாஸ்ட் சார்ஜர்’ என்று கடையில் சொல்வது 9ஐயும் 2ஐயும் பெருக்கி வந்த தொகைதான்.

அந்த 18 வாட்டை 5 வோல்ட்டிலேயே, 3.6 ஆம்பியராக அனுப்பினால் ஆகாதா? கேபிள்தான் இடைஞ்சல். போக, வர இரண்டு கம்பிகளுக்கும் சேர்த்து மின்தடை 0.2 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 3.6 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.7 வோல்ட் குறைந்து, போனுக்கு 4.3தான் வந்து சேரும். பாதிக்கு மேல் ஏறிய பேட்டரிக்கு அது போதாது. கேபிளும் சுடும்: 2.6 வாட் வெப்பமாக வீணாகிறது. 9 வோல்ட்டில் 2 ஆம்பியர் அனுப்பினால் வீணாவது 0.8 வாட் மட்டுமே. அழுத்தத்தைக் கூட்டி ஓட்டத்தைக் குறைப்பது இதற்காகத்தான்.

சார்ஜர் எடுத்த எடுப்பில் 9 வோல்ட்டைத் தந்துவிடாது. முதலில் வருவது 5தான். போனும் சார்ஜரும் கேபிள் வழியே பேசிக்கொண்டு, போன் கேட்ட பிறகே 9க்கு ஏறும். ஒன்றின் முறை மற்றதற்குத் தெரியாவிட்டால் 5லேயே நின்றுவிடும். வேறு கம்பெனி சார்ஜரில் மெதுவாக ஏறுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். நல்ல தயாரிப்பாக இருந்தால், அதிக வாட் சார்ஜரால் போன் கெடும் என்ற பயமும் வேண்டாம். கேட்டதற்கு மேல் அது தருவதில்லை.

போனுக்குள் ஒரு சில்லு 9 வோல்ட்டை 4 வோல்ட் அளவுக்கு இறக்குகிறது. இறங்கிய அழுத்தத்துக்கு ஈடாக ஓட்டம் கூடுகிறது. இழப்பு போகப் பேட்டரிக்குள் சுமார் 4 ஆம்பியர் நுழைகிறது. 5000 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி கொள்ளும் ஆற்றல் ஏறத்தாழ 19 வாட்-மணி. 18 வாட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆக வேண்டும். ஆனால் ஆவது அதைவிட நன்றாகவே அதிகம், ஏனென்றால் இந்த வேகம் கடைசிவரை நீடிப்பதில்லை.

சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்கு இடையே புகுந்து அமர்கின்றன. அடுக்குகள் நிறைய நிறைய, புதிதாக வருபவை இடம் தேடி உள்ளே நகரக் கூடுதல் நேரம் பிடிக்கிறது. அதற்கு மேல் விரட்டினால் அவை மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் ஒரு பகுதி திரும்பப் பயன்படாது. பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். படிவு ஊசிபோல் வளர்ந்து நடுவிலுள்ள மெல்லிய தடுப்பைத் துளைத்தால் உள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகித் தீப்பிடிக்கலாம். அதனால் பேட்டரிக்கு ஓர் உச்ச வோல்ட் உண்டு. இன்றைய பல போன்களில் அது 4.4 அளவில் இருக்கிறது. அதைத் தாண்ட போன் விடவே விடாது.

வேகம் குறைவது இந்த எல்லையால்தான். பேட்டரிக்கு உள்ளேயும் மின்தடை உண்டு. கணக்கு எளிதாக இருக்க 0.1 ஓம் என்போம். பேட்டரியின் சொந்த வோல்ட் 4.0 ஆக இருக்கையில் வெளியே 4.4 கொடுத்தால் வித்தியாசம் 0.4, ஓடுவது 4 ஆம்பியர். சொந்த வோல்ட் 4.2 ஆனதும் வித்தியாசம் பாதி, ஓட்டமும் 2 ஆம்பியர். 4.3இல் 1 ஆம்பியர். 4.35இல் அரை. எல்லையைக் கூட்ட முடியாது, உள்ளே ஏறிக்கொண்டே இருக்கிறது, ஆகவே இடைவெளி சுருங்கிக்கொண்டே போகிறது. கடைசியில் ஓட்டம் மிகவும் மெலிந்ததும் போன் 100 என்று காட்டி நிறுத்திவிடும். சுவரில் எத்தனை வாட் சார்ஜரை மாட்டினாலும் இந்தக் கட்டத்தில் பெரிதாக எதுவும் மாறாது. அவசரமாகக் கிளம்புபவர் 20இலிருந்து 60 வரை ஏற்றிக்கொண்டு கிளம்புவதே லாபம்.

ஆகவே 90இல் தாமதித்தால் அது பழுதல்ல. 30இலேயே தாமதித்தால் பழுது தேட வேண்டும். மேலே சொன்ன போனும் சார்ஜரும் சரியாக வேலை செய்தால் 20இலிருந்து 50 வரை ஏற இருபது, இருபத்தைந்து நிமிடம் போதும். நாற்பது நிமிடம் ஆனால் போன் 5 வோல்ட்டிலேயே நிற்கிறது என்று கொள்ளலாம். முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். சார்ஜரைவிட அதுதான் சீக்கிரம் கெடுகிறது. கேபிளும் சார்ஜரும் சரி, போன் மட்டும் கையில் சுடுகிறது என்றால் காரணம் வெப்பம். பேட்டரி 45 டிகிரியை நெருங்கும்போது போன் தானாகவே ஓட்டத்தைக் குறைக்கும். சித்திரை வெயிலில் காருக்குள் வரைபடம் ஓடவிட்டபடி சார்ஜ் போட்டால் சதவீதம் ஏறாமல் நிற்பதும் இதனால்தான். உறையைக் கழற்றி, திரையை அணைத்து, நிழலில் வையுங்கள். சூடு இறங்கியதும் பழைய வேகம் திரும்பும்.