டி.சி. வாங்கிய பிறகு ஒரு கடிதம்

டி.சி. வாங்கிய பின்னும் குழந்தையின் படங்கள் பள்ளியின் முகநூல் பக்கத்திலும், விவரங்கள் பள்ளிச் செயலியிலும் தங்கிவிடும். 18 வயதுக்குட்பட்டோர் சார்பில் பெற்றோர் அவற்றை அழிக்கக் கோரும் உரிமையை 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தருகிறது. இந்தப் பிரிவு 2027 மே மாதம் நடைமுறைக்கு வருகிறது. அதற்கு முன் எழுதவும் தடையில்லை.

எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னால் பள்ளி மறுக்கும். சேர்க்கைப் பதிவேட்டை அது வைத்திருந்தாக வேண்டும். அதனால் பிரித்துக் கேளுங்கள்:

“ஐயா, என் மகள் (பெயர், சேர்க்கை எண்) ஏப்ரலில் பள்ளியிலிருந்து விலகினாள். படங்களுக்குத் தந்த சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். இணைப்பில் பட்டியலிட்ட படங்களையும், செயலிக் கணக்கையும் நீக்கி, செயலி நிறுவனத்தையும் நீக்கச் செய்து, எழுத்தில் உறுதி தாருங்கள். எதையேனும் வைத்திருப்பதானால் காரணத்தைத் தெரிவியுங்கள்.”

ஒவ்வொரு படத்தின் இணைய முகவரியையும் பட்டியலில் எழுதுங்கள். நகலில் பள்ளி முத்திரையுடன் ஒப்புகை வாங்குங்கள்.