ஐந்து பேருக்கு ஒரு நெட்ஃபிளிக்ஸ் கணக்கு

நெட்ஃபிளிக்ஸ் சந்தாவில் இரண்டு அடுக்குகள் உண்டு. மேல் அடுக்கு கணக்கு. அதற்கு ஒரு மின்னஞ்சல் முகவரி அல்லது கைபேசி எண், ஒரு பாஸ்வேர்டு, பணம் கட்டும் வழி ஆகியவை இருக்கும். அதற்குள் இருப்பவை ப்ரொஃபைல்கள். ஒரு கணக்கில் 5 ப்ரொஃபைல்கள் வரை வைத்துக்கொள்ளலாம். யார் எதைப் பார்த்தார், எந்த இடத்தில் நிறுத்தினார், எந்த மொழியில் கேட்க விரும்புகிறார், எந்த வயதுத் தரம் வரை பார்க்கலாம் என்பதெல்லாம் ஒவ்வொரு ப்ரொஃபைலிலும் தனித்தனியாகப் பதிவாகும். கணக்கை வீட்டு வாசற்கதவு என்றும், ப்ரொஃபைல்களை உள்ளே இருக்கும் அறைகள் என்றும் கொள்ளலாம். வாசலுக்குத்தான் பூட்டு உண்டு. அறைகளுக்குப் பூட்டு வேண்டுமானால் அதைத் தனியாகப் போட வேண்டும். பல குடும்பங்களில் வரும் சிக்கல்களுக்கு இந்த வேறுபாடு தெரியாததே காரணம்.

பாட்டி, அப்பா, அம்மா, 15 வயது மகள், 7 வயது மகன் என ஐந்து பேர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கூடத்தில் ஒரு ஸ்மார்ட் டிவி. சந்தா அப்பாவின் பெயரில் இருக்கிறது. டிவியை இயக்கியதும் வரும் முகப்பில் எல்லாரும் அப்பாவின் ப்ரொஃபைலையே அழுத்துகிறார்கள். ரிமோட் யார் கையில் இருக்கிறது என்பது செயலிக்குத் தெரியாது. மகன் பத்து கார்ட்டூன் பார்த்தால், அப்பாவுக்குக் கார்ட்டூன் பிடிக்கும் என்றே அது எடுத்துக்கொள்ளும். அவருடைய முகப்பு கார்ட்டூன்களால் நிரம்பும். அவர் பாதியில் விட்ட படம் பட்டியலில் பின்னுக்குத் தள்ளப்படும்.

இதற்கு முதல் தீர்வு ஆளுக்கொரு ப்ரொஃபைல். ஏற்கெனவே கலந்துபோனதையும் சரிசெய்யலாம். பிரவுசரில் கணக்குப் பக்கத்தைத் திறந்து, அந்த ப்ரொஃபைலின் "Viewing activity" பட்டியலுக்குப் போய், வேண்டாத தலைப்புகளை மறைத்துவிட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் அவை பார்த்தவற்றின் வரிசையிலிருந்து நீங்கிவிடும். அவற்றை வைத்துப் பரிந்துரை செய்வதும் நிற்கும்.

மகனுக்குக் குழந்தைகளுக்கான ப்ரொஃபைல் அமைத்தால், குறைந்த வயதுத் தரமுள்ள நிகழ்ச்சிகள் மட்டும் எளிமையான முகப்பில் தெரியும். அத்தோடு வேலை முடிந்தது என்று பெரும்பாலான பெற்றோர் நினைக்கிறார்கள். ஆனால் அந்த ப்ரொஃபைல் குழந்தையை உள்ளே வைத்துப் பூட்டுவதில்லை. இரண்டு பொத்தான்களை அழுத்தினால் ப்ரொஃபைல் பட்டியலுக்குத் திரும்பி, அப்பாவின் ப்ரொஃபைலுக்குள் நுழைந்துவிடலாம். ஆகவே பூட்டு போட வேண்டிய இடம் பெரியவர்களின் ப்ரொஃபைல்தான். அம்மா, அப்பா ப்ரொஃபைல்களுக்கு "Profile Lock" என்ற அமைப்பின் வழியாக நான்கு இலக்கப் பின் எண் வைக்க வேண்டும். பாட்டியின் ப்ரொஃபைலைப் பூட்டாமல் விட்டால் சிறுவன் அதன் வழியாகப் போவான். பின் எண் பாட்டிக்குத் தொல்லை என்றால், அவருடைய ப்ரொஃபைலின் வயதுத் தரத்தைக் குறைத்து வைப்பது எளிய மாற்று.

இன்னொரு இடைவெளியும் உண்டு. ஐந்து இடங்களில் ஒன்று காலியாக இருந்தால், விவரம் தெரிந்த பிள்ளை கட்டுப்பாடே இல்லாத புதிய ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கிக்கொள்ளக்கூடும். புதிய ப்ரொஃபைல் சேர்க்கவும் பின் எண் கேட்கும்படி பூட்டு அமைப்பிலேயே செய்துவிட்டால் அந்த வழியும் அடைபடும்.

மகளின் வயதுக்குக் குழந்தைகள் ப்ரொஃபைல் பொருந்தாது. அவளுக்குச் சாதாரண ப்ரொஃபைல் அமைத்து, வயதுத் தரத்தை மட்டும் வரையறுக்கலாம். 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி, இந்தியாவில் ஓடிடி தளங்கள் நிகழ்ச்சிகளை U, U/A 7+, U/A 13+, U/A 16+, A என ஐந்து தரங்களாகக் காட்டுகின்றன. 15 வயதுக்கு U/A 13+ வரை என்று வைத்தால் அதற்கு மேற்பட்டவை அவள் முகப்பில் வராது. தரத்துக்குள் அடங்கியும் வேண்டாம் என்று தோன்றும் ஒரு தொடரை, அதன் பெயரைக் குறிப்பிட்டுத் தனியாகவும் தடுக்கலாம். பின் எண் மறந்துபோனால் கணக்கின் பாஸ்வேர்டைக் கொண்டு மாற்றிக்கொள்ளலாம். பாஸ்வேர்டு தெரிந்தவர் எந்தப் பூட்டையும் நீக்கலாம் என்பதே இதன் மறுபக்கம். பிள்ளையின் கைபேசியில் பெற்றோரே உள்நுழைந்து கொடுப்பது நல்லது. பாஸ்வேர்டைச் சொல்லிக்கொடுத்தால் பின் எண் வைத்ததில் பயன் இல்லை.

ப்ரொஃபைல் ஐந்து இருப்பதால் ஒரே நேரத்தில் ஐந்து பேர் பார்க்கலாம் என்று பொருளில்லை. அதைத் தீர்மானிப்பது சந்தாத் திட்டம். இந்தியாவில் மொபைல், பேசிக் திட்டங்களில் ஒரு நேரத்தில் ஒரு திரை, ஸ்டாண்டர்டில் இரண்டு, பிரீமியத்தில் நான்கு. மொபைல் திட்டம் டிவியில் ஓடாது. ஸ்டாண்டர்டு திட்டத்தில் பாட்டி டிவியிலும் மகள் கைபேசியிலும் பார்த்துக்கொண்டிருந்தால், மூன்றாவதாகத் திறக்கும் அப்பாவுக்கு, அதிகமானோர் கணக்கைப் பயன்படுத்துகிறார்கள் என்ற செய்திதான் வரும். எப்போதாவது வந்தால் கவலையில்லை. வீட்டில் ஒருவர் மட்டும் பார்க்கும் நேரத்தில் அது வந்தால், வெளியாள் யாரோ கணக்குக்குள் இருக்கிறார் என்று ஊகிக்கலாம்.

அதை உறுதிசெய்ய "Manage access and devices" என்ற பக்கம் இருக்கிறது. அண்மையில் கணக்கைப் பயன்படுத்திய கருவிகள், அவற்றில் கடைசியாகத் திறந்த ப்ரொஃபைல், நேரம், தோராயமான ஊர் ஆகியவை அங்கே தெரியும். ஊர் சற்று மாறித் தெரியக்கூடும் என்பதால், அதை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. அடையாளம் தெரியாத டிவி இருந்தால் அதை அங்கிருந்தே வெளியேற்றலாம். பிறகு பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால், அதை அறிந்தவர் மறுபடியும் நுழைந்துவிடுவார். விடுதி அறை டிவியில் உள்நுழைந்துவிட்டு மறந்து வந்தவர்களுக்கும், பழைய டிவியை விற்றவர்களுக்கும் இதே பக்கம் உதவும்.

மகள் படிப்புக்காக வேறு ஊரில் தங்கப் போகும்போது அடுத்த சிக்கல் வரும். ஒரு கணக்கு ஒரு வீட்டில் வசிப்பவர்களுக்கு மட்டுமே என்ற விதியை நெட்ஃபிளிக்ஸ் 2023 ஜூலையில் இந்தியாவில் நடைமுறைப்படுத்தியது. டிவி எந்த இணைய இணைப்பில் இருக்கிறதோ, அதை வைத்தே வீடு எது என்று முடிவாகிறது. வெளியூரில் இருப்பவரிடம், தற்காலிகமாகப் பார்க்க ஒரு குறியீட்டைக் கேட்கலாம். அது கணக்கு உரிமையாளரின் மின்னஞ்சலுக்கோ கைபேசிக்கோ வரும். 15 நிமிடங்களில் காலாவதியாகிவிடும். பயணத்துக்கு இது போதும், நிரந்தரமாகத் தனியே வசிப்பவருக்குப் போதாது. அவர் சொந்தக் கணக்கு தொடங்கி, தன் ப்ரொஃபைலை அதற்கு மாற்றிக்கொள்ளலாம். பார்த்தவை, சேமித்த பட்டியல், பரிந்துரைகள் எல்லாம் உடன் போகும். அவசரப்பட்டுப் பழைய ப்ரொஃபைலை அழித்தால் அவை திரும்பக் கிடைக்காது. எனவே மாற்றிய பிறகே அழிக்க வேண்டும்.

குறியீடு, பாஸ்வேர்டு மாற்றம், புதிய கருவி பற்றிய எச்சரிக்கை அனைத்தும் கணக்கில் பதிந்த மின்னஞ்சலுக்கும் கைபேசிக்குமே வருகின்றன. யாரும் திறந்து பார்க்காத பழைய முகவரியில் கணக்கு இருந்தால், ஏதேனும் நேரும்போது அதை மீட்பது கடினம். ஆகவே, ப்ரொஃபைல்களை ஒழுங்குபடுத்தும் முன், கணக்கில் பதிந்த முகவரியும் எண்ணும் இன்றும் பயன்பாட்டில் உள்ளனவா என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் பார்த்துவிடுவது நல்லது.