பதினைந்து ஐம்பதாகக் கேட்பது ஏன்?

திருநெல்வேலியில் வீட்டிலிருந்தபடியே ஓர் அமெரிக்கக் கம்பெனிக்குக் கணக்கு பார்க்கும் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வாராந்திர வீடியோ மீட்டிங்கில் அவர் முறை வருகிறது. "ஃபிஃப்டீன் இன்வாய்சஸ் ஆர் பெண்டிங். வீ கேன்ட் க்ளோஸ் பை ஃப்ரைடே" என்கிறார். அந்தப் பக்கம் இருப்பவர் காதில் விழுந்ததோ, ஐம்பது பில் பாக்கி, வெள்ளிக்கிழமைக்குள் முடித்துவிடலாம் என்று. அடுத்த வாரம் பிரச்சினை வெடிக்கிறது. தன் இங்கிலீஷ் சரியில்லை என்று இவர் மனதுக்குள் குமைகிறார். அவர் சொன்ன வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. வார்த்தைகள் போய்ச் சேரும் வழியில்தான் சேதம் நடந்திருக்கிறது. அது எங்கே நடக்கிறது என்று தெரிந்துகொண்டால், பெரும்பாலும் நம் கையாலேயே சரிசெய்துவிடலாம்.

முதல் சந்தேகம் காதில் மாட்டியிருக்கும் ப்ளூடூத் இயர்பட்ஸ் மேல்தான் வர வேண்டும். பாட்டு கேட்கும்போது அது முழுத் தரத்தில் ஒலிக்கும். ஆனால் மீட்டிங்கில் அதன் மைக்கும் வேலை செய்யத் தொடங்கியதும், பெரும்பாலான லேப்டாப்களில் இணைப்பு போன் பேசும் முறைக்கு மாறிவிடும். அந்த முறையின் பழைய வகை, ஒலியை நொடிக்கு 8,000 முறை மட்டுமே அளந்து அனுப்புகிறது. அதனால் 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள ஒலி எதுவும் மறுபக்கம் போகாது. ஆ, ஈ, ஓ போன்ற உயிரொலிகளுக்கு இது போதும். இங்கிலீஷின் 'எஸ்', 'எஃப்', 'த்' ஒலிகளின் சீறலோ பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. கேட்பவருக்கு 'எஸ்'ஸும் 'எஃப்'ஃபும் ஒன்றுபோலவே தோன்றும். புது வகை இயர்பட்ஸ் இதைவிட மேல் என்றாலும், வயர் உள்ள மைக் அளவுக்குத் தெளிவு எல்லாவற்றிலும் கிடைப்பதில்லை.

இதைக் கண்டுபிடிப்பது எளிது. லேப்டாப்பில் ஒரு பாட்டை ஓடவிட்டு, அப்படியே மீட்டிங்கைத் திறந்து பாருங்கள். பாட்டு திடீரென்று பழைய போனில் கேட்பதுபோல மெலிந்தால், முறை மாறிவிட்டது என்று பொருள். ஜூமில் ஆடியோ செட்டிங்ஸுக்குப் போய், ஸ்பீக்கராக இயர்பட்ஸையும் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கையும் தேர்ந்தெடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வயர் இயர்போன் அதைவிட நம்பகமானது. அதே பக்கத்தில் உள்ள Test Mic பட்டனை அழுத்திப் பேசினால், உங்கள் குரல் பதிவாகித் திரும்ப ஒலிக்கும். மற்றவர்களுக்கு நாம் எப்படிக் கேட்கிறோம் என்பதை நம் காதாலேயே தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

நம் ஊர் வீடுகளில் இன்னொன்றும் உண்டு, தலைக்கு மேலே சுற்றும் ஃபேன். அந்த இரைச்சலை மீட்டிங் மென்பொருள் தானாகவே வடிகட்டும். வடிகட்டும்போது இரைச்சலோடு சேர்த்து, மெல்லிய குரலில் முடியும் வார்த்தைகளின் கடைசி எழுத்தையும் அது விழுங்கிவிடக்கூடும். வாயிலிருந்து மைக் ஒரு சாண் தூரத்தில் இருந்தால் இந்தச் சேதம் வெகுவாகக் குறையும். பேசும் அந்தச் சில நிமிடம் ஃபேனின் வேகத்தைக் குறைத்து வைப்பதும் நல்லது.

இனி அந்த வாக்கியத்துக்கு வருவோம். ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டையும் அமெரிக்கர்கள் எங்கே அழுத்துகிறோம் என்பதை வைத்தே பெரிதும் பிரித்தறிகிறார்கள். பதினைந்தில் அழுத்தம் பின்பாதியில் விழும், ஐம்பதில் முன்பாதியில். நாம் இரண்டையும் ஒரே மாதிரி முன்னால் அழுத்திச் சொல்லிவிடுகிறோம். மிஞ்சும் வித்தியாசம் கடைசியில் வரும் 'ன்' மட்டும்தான். அதையும் இரைச்சல் வடிகட்டி விழுங்கிவிட்டால் பதினைந்து ஐம்பதாகிறது.

'கேன்', 'கேன்ட்' விஷயம் இன்னும் சிக்கலானது. அமெரிக்கர்கள் 'கேன்ட்' சொல்லும்போது கடைசி 'ட்' பல நேரம் வெளியே கேட்காது. 'கேன்' என்பதையோ வாக்கியத்தின் நடுவே 'கன்' என்று மெலிதாக உரசிவிட்டுப் போவார்கள். அதனால் குழப்பம் இரண்டு பக்கமும் நேரலாம். நம் 'கேன்ட்'டின் 'ட்' வழியில் உதிர்ந்தால் 'முடியும்' என்று கேட்கும். நாம் அழுத்தம் திருத்தமாக 'கேன்' என்றால் சிலருக்கு 'முடியாது' என்று கேட்கும். உச்சரிப்பைப் பழகி இதைச் சரிசெய்ய மாதக்கணக்கில் ஆகும். வார்த்தையை மாற்றினால் இன்றே சரியாகும். முடியாது என்பதற்கு 'கேனாட்', முடியும் என்பதற்கு 'வீ வில் பி ஏபிள் டு' என்று முழுதாகச் சொன்னால், ஓர் எழுத்து உதிர்ந்தாலும் பொருள் தப்பாது.

அந்தப் பெண் இப்படிச் சொல்லியிருக்கலாம்: "ஃபிஃப்டீன் இன்வாய்சஸ் ஆர் பெண்டிங். தட் இஸ் ஒன் ஃபைவ். வீ கேனாட் க்ளோஸ் பை ஃப்ரைடே. வீ நீட் அண்டில் டியூஸ்டே." சொல்லி முடித்த கையோடு சாட்டில் '15 pending, close by Tuesday' என்று தட்டிவிட்டால் சந்தேகத்துக்கே இடமில்லை.

சரி, பேச வாய்ப்பு கிடைப்பது எப்படி? ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் தொடங்க மனிதர்கள் சராசரியாக எடுத்துக்கொள்ளும் இடைவெளி நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான் என்று, 10 மொழிகளை ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே குரல் போய்ச் சேரவே அந்த அளவு நேரமோ அதற்கு மேலோ ஆகிவிடுகிறது. 'அவர் நிறுத்திவிட்டார், இப்போது பேசலாம்' என்று நமக்குத் தெரியும் முன்பே, அங்கே அவர் பக்கத்திலிருக்கும் இன்னொருவர் தொடங்கியிருப்பார். மரியாதைக்காகக் காத்திருப்பவருக்கு இதனால்தான் முறை வருவதே இல்லை. அவர்களிடம் கூச்சம் என்று குறை சொல்வது நியாயமில்லை.

அதனால் கையை உயர்த்தும் பட்டனைத் தயங்காமல் பயன்படுத்துங்கள். அது இல்லாதபோது, முக்கியமான செய்தியை முதல் வார்த்தையிலேயே வைக்காதீர்கள். மியூட்டை எடுத்த நொடியில் முதல் வார்த்தை பல சமயம் வெட்டுப்படும். பெயரைச் சொல்லி, "ஐ ஹேவ் ஒன் பாயிண்ட் ஆன் தி இன்வாய்சஸ்" என்று சொல்லிவிட்டு ஒரு கணம் நிறுத்துங்கள். எல்லோர் கவனமும் வந்த பிறகு விஷயத்தைச் சொல்லலாம். இருவர் குரலும் மோதிக்கொண்டால் "சாரி, சாரி" என்று மட்டும் சொல்லி ஒதுங்க வேண்டாம். "ப்ளீஸ் கோ அஹெட், ஐ வில் கோ நெக்ஸ்ட்" என்றால் விட்டுக்கொடுத்ததும் ஆயிற்று, அடுத்த இடம் நம்முடையது என்று பதிந்ததும் ஆயிற்று.

நீங்கள் பேசும்போது உங்கள் குரலே உங்களுக்கு எதிரொலித்தால் உங்கள் கருவியை நோண்டாதீர்கள். கோளாறு அநேகமாக வேறொருவரிடம் இருக்கிறது. அவருடைய ஸ்பீக்கரில் வரும் உங்கள் குரல் அவருடைய மைக்கில் ஏறித் திரும்பி வருகிறது. "ஐ கேன் ஹியர் மைசெல்ஃப். குட் எவ்ரிஒன் மியூட், ப்ளீஸ்?" என்று கேளுங்கள். பிறகு ஒவ்வொருவராக மைக்கைத் திறந்தால், யார் திறக்கும்போது எதிரொலி திரும்புகிறதோ அவர் இயர்போன் மாட்டினால் போதும்.

எதிராளியின் குரல் வெட்டி வெட்டி வந்தால் "யூ ஆர் பிரேக்கிங் அப்" என்று சொல்வது வழக்கம். அதோடு நிறுத்தினால் அவர் முழுக் கதையையும் முதலிலிருந்து சொல்லத் தொடங்குவார், அதுவும் வெட்டுப்படும். எதுவரை கேட்டது, எது விடுபட்டது என்று பிரித்துச் சொல்லுங்கள்: "ஐ காட் தி டேட். ஐ மிஸ்ட் தி அமவுண்ட்." அவர் தொகையை மட்டும் திரும்பச் சொல்வார். கேட்டதும் அந்தத் தொகையை ஒவ்வோர் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொள்ளுங்கள்.

உங்கள் பக்கமே இணைப்பு தள்ளாடினால் முதலில் வீடியோவை நிறுத்துங்கள். குரலுக்குத் தேவைப்படும் டேட்டா வீடியோவுக்குத் தேவைப்படுவதில் ஒரு சிறு பங்குதான். அதற்கும் மசியவில்லை என்றால் அதே லிங்க்கை மொபைல் டேட்டாவில் போனில் திறங்கள். அப்போது லேப்டாப்பில் மைக்கை மட்டுமல்லாமல் ஸ்பீக்கரையும் சேர்த்து அணைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே அறையில் இரண்டு கருவிகளும் ஒன்றை ஒன்று கேட்டு ஊளையிட ஆரம்பித்துவிடும்.