மாதக் கணக்கை மூன்றாகப் பிரிக்கும் வரைபடம்

மாதந்தோறும் சேரும் எண்களில் மூன்று விஷயங்கள் கலந்திருக்கும். ஆண்டுக்கணக்கில் ஏறும் அல்லது இறங்கும் போக்கு ஒன்று. ஒவ்வோர் ஆண்டும் அதே மாதங்களில் திரும்பத் திரும்ப வரும் பருவ ஏற்ற இறக்கம் இன்னொன்று. இவ்விரண்டிலும் அடங்காமல் மீந்து நிற்கும் எச்சம் மூன்றாவது. இவற்றைத் தனித்தனியே பிரித்து, மூலக் கணக்கையும் சேர்த்து, ஒன்றன்கீழ் ஒன்றாக நான்கு கட்டங்களில் வரைவதே பருவப் பகுப்பு வரைபடம்.

இதை விளக்கப் புள்ளியியல் பாடங்களில் அடிக்கடி எடுத்தாளப்படுவது, 1949 முதல் 1960 வரையிலான பன்னாட்டு விமானப் பயணிகளின் மாதக் கணக்கு. பாக்ஸ், ஜென்கின்ஸ் இருவரும் 1970-இல் வெளியிட்ட நூலால் பிரபலமானது. மொத்தம் 144 மாதங்கள், எண்கள் ஆயிரக்கணக்கில். ஆர் மென்பொருளில் இந்தக் கணக்கு உள்ளேயே இருப்பதால், ஒரே வரியில் படம் வந்துவிடும்:

```
plot(decompose(AirPassengers, type = "multiplicative"))
```

முதல் வேலை போக்கைக் கண்டுபிடிப்பது. பன்னிரண்டு மாதங்களின் சராசரியை எடுத்தால், கோடையின் கூட்டமும் நவம்பரின் மந்தமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். 1949 ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான சராசரி 126.67. ஆனால் பன்னிரண்டு இரட்டைப்படை எண் என்பதால், இந்தச் சராசரியின் நடு, ஜூனுக்கும் ஜூலைக்கும் இடையில் விழுகிறது. ஆகவே ஒரு மாதம் நகர்த்தி, பிப்ரவரி முதல் அடுத்த ஜனவரி வரையிலும் சராசரி எடுக்கிறார்கள், அது 126.92. இரண்டின் நடுமதிப்பான 126.79, 1949 ஜூலையின் போக்கு. இப்படியே மாதம் மாதமாக நகர்ந்தால் போக்குக் கோடு கிடைக்கிறது.

அடுத்து பருவம். 1949 ஜூலையில் பயணித்தவர்கள் 148 ஆயிரம் பேர். அதைப் போக்கால் வகுத்தால் 1.167, அதாவது போக்கைவிட சுமார் 17 விழுக்காடு அதிகம். எல்லா ஆண்டுகளின் ஜூலைக்கும் இதே விகிதத்தைக் கண்டு சராசரி எடுத்தால் சுமார் 1.23 வருகிறது, இது ஜூலையின் பருவக் காரணி. நவம்பருக்கு அது 0.80. கடைசியாக, 1.167-ஐ ஜூலையின் காரணியால் வகுத்தால் 0.95. அந்த மாதத்தின் எச்சம் இதுதான்: போக்கும் பருவமும் சேர்ந்து எதிர்பார்த்ததைவிட 5 விழுக்காடு குறைவு.

இங்கே கழிக்காமல் வகுப்பதற்குக் காரணம் உண்டு. 1949-இல் ஜூலைக்கும் நவம்பருக்கும் உள்ள வித்தியாசம் 44 ஆயிரம் பேர்; 1960-இல் அது 232 ஆயிரம். பயணிகள் பெருகப் பெருக, பருவ அலையும் பெரிதாகிறது. இப்படிப்பட்ட கணக்குக்குப் பெருக்கல் முறை பொருந்தும். அலையின் உயரம் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தால், கழித்துப் பார்க்கும் கூட்டல் முறையே போதும்.

படத்தைப் பார்க்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி அளவுகோல். எச்சக் கட்டத்தின் கோடு துள்ளிக் குதிப்பதுபோல் தெரிந்தாலும், பக்கவாட்டு எண்களைப் பார்த்தால் அது 1-ஐ ஒட்டியே ஊசலாடுவது புரியும்.

பகுப்பு சரியாக அமைந்ததா என்று சொல்வதும் இந்த எச்சம்தான். அது ஒழுங்கில்லாமல் சிதறியிருக்க வேண்டும். 1949 ஜூலையில் 0.95 ஆக இருந்த எச்சம், 1959 ஜூலையில் 1.04 ஆகிவிட்டது. ஜூலைக் கூட்டம் காலப்போக்கில் இன்னும் கூர்மையாகியிருக்க, எல்லா ஆண்டுகளுக்கும் ஒரே காரணியை வைத்ததால் அந்த மாற்றம் எச்சத்தில் போய் ஒளிந்துகொண்டது. ஈஸ்டரும் இப்படித்தான் குழப்பும். 1959-இல் அது மார்ச் 29. அந்த மார்ச்சில் 406 ஆயிரம், ஏப்ரலில் 396 ஆயிரம். 1960-இல் ஈஸ்டர் ஏப்ரல் 17; மார்ச்சில் 419, ஏப்ரலில் 461. மாதம் மாறி வரும் பண்டிகையை நிலையான பருவக் காரணியால் பிடிக்க முடியாது.

முதல் சிக்கலைத் தீர்க்க, 1990-இல் கிளீவ்லேண்ட் குழுவினர் வெளியிட்ட எஸ்டிஎல் முறை உதவுகிறது. அதில் பருவ வடிவம் ஆண்டுக்காண்டு மெல்ல மாறலாம். அது கூட்டல் முறையிலேயே இயங்குவதால், இதுபோன்ற கணக்குகளுக்கு முதலில் மடக்கை எடுத்துக்கொள்வது வழக்கம். பண்டிகை போன்ற நாள்காட்டி விளைவுகளை அதற்கும் தனியே சரிசெய்து கொடுக்க வேண்டும்.

இன்னொரு குறை விளிம்புகளில் இருக்கிறது. நடுவில் நிறுத்திய பன்னிரண்டு மாதச் சராசரிக்கு இருபுறமும் ஆறு மாதங்கள் வேண்டும். எனவே முதல் ஆறு மாதங்களுக்கும் கடைசி ஆறு மாதங்களுக்கும் போக்குக் கோடே இருக்காது. எஸ்டிஎல் முறை கடைசி மாதம் வரை கோட்டை வரைந்துவிடும்; ஆனால் புதிய மாதங்கள் சேரும்போது அந்த நுனி மாறும். ஆகவே அண்மைய மாதங்களில் போக்கு திரும்பிவிட்டதாகத் தெரிந்தால், அடுத்த சில மாதங்களின் எண்கள் வந்த பிறகே அதை உறுதிசெய்ய முடியும்.